பதிவு செய்த பேட்டியைக் கேள்வி-பதிலாக எழுதுவது: ஒரு கபடி ரெய்டரின் பேச்சை வைத்து முழுமையான வழிகாட்டி

விளையாட்டு வீரர் ஒருவர் தன் பேட்டி அச்சில் வந்ததும் "நான் இப்படிச் சொல்லவே இல்லையே" என்று வருத்தப்பட்டால், பல நேரம் அவர் சொன்ன வார்த்தைகள்தான் அங்கே இருக்கும். நடுவில் இருந்த ஒரு "ஆனா", ஒரு "கொஞ்சம்", ஒரு "அதுக்காகன்னு சொல்ல மாட்டேன்" மட்டும் காணாமல் போயிருக்கும். நாற்பது நிமிடப் பேச்சைத் தட்டச்சு செய்தால் சுமார் 4000 வார்த்தை வரும். வெளியிட இடம் இருப்பதோ 1200 வார்த்தைக்கு. ஆக, சொன்னதில் மூன்றில் இரண்டு பங்கை நாம் எடுத்துவிடப் போகிறோம். எதை எடுக்கிறோம் என்பதில்தான் பொருள் காப்பாற்றப்படுவதும் கெடுவதும் இருக்கிறது.

இந்த வழிகாட்டி முழுக்க ஒரே ஒரு பேட்டியை வைத்துப் போகிறது. தோற்றுப்போன ஆட்டத்துக்கு மறுநாள் ஒரு இளம் கபடி ரெய்டரிடம் எடுத்த பேட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். கீழே வரும் பேச்சு, விளக்குவதற்காக நான் எழுதிய மாதிரிதான். ஆனால் கபடிக்காரர்கள் பேசுவது இப்படித்தான் இருக்கும்.

1. முதலில் ஒரு தடவை சும்மா கேளுங்கள்

அசல் ஒலிப்பதிவை ஒரு நகல் எடுத்து வைத்துவிட்டு, நகலில் மட்டும் வேலை செய்யுங்கள். முதல் தடவை நிறுத்தாமல், எதையும் எழுதாமல் கேளுங்கள். அவர் எங்கே வேகமாகப் பேசினார், எங்கே தயங்கினார், எந்தக் கேள்விக்குச் சிரித்துவிட்டுப் பதில் சொன்னார் என்பதெல்லாம் அப்போதுதான் பிடிபடும். தட்டச்சு செய்ய ஆரம்பித்துவிட்டால் காது ஒவ்வொரு வார்த்தையாகக் கேட்கும், மொத்தப் பேச்சு காதில் விழாது.

2. முழுசாக, பேசியபடியே எழுதுங்கள்

அடுத்து எழுத்து வடிவம். ஒரு மணி நேரப் பதிவுக்கு நான்கு மணி நேரமாவது ஆகும், அதற்கு மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள். வேகத்தை 0.75-க்குக் குறைத்து வைத்தால் கை ஓடும். இந்தக் கட்டத்தில் எதையும் அழகுபடுத்தக் கூடாது. "அது வந்து", இழுவை, பாதியில் நின்ற வாக்கியம், சிரிப்பு எல்லாம் அப்படியே இருக்கட்டும். ஒவ்வொரு பதிலுக்கும் முன்னால் நேரத்தைக் குறியுங்கள். காதில் சரியாக விழாத இடத்தில் ஊகித்து எழுதாமல் "14:20, தெளிவில்லை" என்று எழுதிவிட்டு நகருங்கள். உங்கள் கேள்வியையும் நீங்கள் கேட்டபடியே எழுத வேண்டும். பலர் இதை விட்டுவிடுகிறார்கள். அது ஏன் ஆபத்து என்று பின்னால் வருகிறது.

நம் மாதிரிப் பேட்டியில் 22-வது நிமிடம் இப்படி இருக்கிறது:

> கேள்வி: கடைசி ரெண்டு நிமிஷத்துல அந்த டூ ஆர் டை ரெய்டு… அது கோச் சொன்ன ப்ளான் தப்பாப் போச்சா, இல்ல நீங்களா எடுத்த முடிவா?
>
> பதில்: இல்லண்ணே, அது வந்து… கோச் சார் போனஸ் எடுத்துட்டு வந்துரு, டச்சுக்குப் போகாதன்னுதான் சொன்னாங்க. டூ ஆர் டைக்கு போனஸ் எடுத்தாலே போதும்ல. நான் ஆறு பேரு நிக்கறாங்கன்னு நெனச்சுப் போயிட்டேன். அஞ்சு பேருதான் இருந்தாங்க. அஞ்சு பேருன்னா போனஸ் கெடையாதுல்ல, அத நான் பாத்திருக்கணும். சரின்னு ரைட் கார்னர டச் பண்ணப் போனேன், கால புடிச்சிட்டான். முட்டி வேற… மூணு மேட்ச்சாவே கொஞ்சம் சப்போர்ட் பண்ணல. அதுக்காகன்னு சொல்ல மாட்டேன், ஆனா கொஞ்சம் இருந்துச்சு. அந்த மேட்ச்ச நாங்க விட்டுட்டோம்ணே. கோச் மேல தப்பு இல்ல, ப்ளான் சரியாத்தான் இருந்துச்சு.

கபடி தெரியாதவர்களுக்கு இரண்டு விதி மட்டும் சொல்லிவிடுகிறேன். ஒரு அணி தொடர்ந்து இரண்டு ரெய்டில் புள்ளி எடுக்காமல் திரும்பினால், மூன்றாவது ரெய்டு டூ ஆர் டை. அதில் புள்ளி எடுக்காவிட்டால் ரெய்டர் அவுட். போனஸ் கோட்டைத் தாண்டி எடுக்கும் புள்ளி, எதிரணியில் ஆறு பேரோ அதற்கு மேலோ களத்தில் நின்றால் மட்டும்தான் கிடைக்கும். இந்தப் பதிலின் உயிரே அந்த ஆறுக்கும் ஐந்துக்கும் நடுவில் இருக்கிறது. விளையாட்டின் விதி தெரியாமல் பேட்டியை வெட்டுபவர் முதலில் தூக்கி எறிவது இந்த வாக்கியத்தைத்தான்.

3. வெட்டும் முன் நங்கூரங்களைக் குறியுங்கள்

எழுத்து வடிவத்தை அச்செடுத்து ஒரு பேனாவோடு உட்காருங்கள். பொருளைப் பிடித்து நிறுத்தும் சொற்களை அடிக்கோடிடுங்கள். நம் பதிலில் அவை: "நெனச்சுப் போயிட்டேன்", "அத நான் பாத்திருக்கணும்", "கொஞ்சம்", "அதுக்காகன்னு சொல்ல மாட்டேன்", "கோச் மேல தப்பு இல்ல". பார்ப்பதற்கு இவை சும்மா சேர்ந்துகொண்ட சொற்கள் போல இருக்கும். ஆனால் தோல்விக்கு யார் பொறுப்பு என்று அவர் சொல்வது முழுவதும் இவற்றில்தான் இருக்கிறது.

இவற்றைக் கவனிக்காமல் சுருக்கினால் என்ன ஆகும் என்று பாருங்கள்:

> "கோச் போனஸ் எடுத்துவிட்டு வரச் சொன்னார். ஆனால் ஐந்து பேர்தான் இருந்தார்கள், போனஸ் கிடையாது. டச்சுக்குப் போனேன், பிடித்துவிட்டார்கள். மூன்று ஆட்டங்களாகவே முட்டி ஒத்துழைக்கவில்லை. அந்த ஆட்டத்தை விட்டுக்கொடுத்துவிட்டோம்."

படிக்கச் சுத்தமாக இருக்கிறது, வேகமாகவும் ஓடுகிறது. ஆனால் மூன்று இடத்தில் பொருள் புரண்டுவிட்டது. முதலாவது, கோச் ஆட்களை எண்ணாமல் தவறான உத்தி சொன்னதாக ஆகிவிட்டது. எண்ணத் தவறியது தான்தான் என்று வீரர் சொன்னது போய்விட்டது. இரண்டாவது, முட்டி வலி தோல்விக்குக் காரணமாகிவிட்டது. அவர் அதைச் சொன்னார், ஆனால் காரணமாகச் சொல்ல மறுத்தார். மறுப்பை மட்டும் எடுத்துவிட்டால் வீரர் சாக்குச் சொல்பவராகத் தெரிவார். அணி டாக்டரும் பிசியோவும் பதில் சொல்ல வேண்டிய நிலை வரும்.

மூன்றாவதுதான் மிக ஆபத்தானது. மைதானத்தில் "மேட்ச்ச விட்டுட்டோம்" என்றால், கையில் இருந்ததைத் தவறவிட்டோம் என்று அர்த்தம். அதை எழுத்து நடைக்குக் கொண்டுவருகிறேன் என்று "விட்டுக்கொடுத்துவிட்டோம்" என எழுதினால், வேண்டுமென்றே தோற்றதாகப் படிக்க முடியும். சூதாட்டப் புகார்கள் அடிக்கடி எழும் காலத்தில் இந்த ஒரு சொல் ஒருவருடைய ஆட்ட வாழ்க்கையையே தொந்தரவு செய்யும். இம்மாதிரி இடங்களில் பேச்சு வழக்கை அப்படியே விட்டுவிடுங்கள். தமிழ் வாசகருக்கு "விட்டுட்டோம்" நன்றாகப் புரியும்.

4. வாக்கியத்தைத் தொடும்போது

நான் வெளியிடக்கூடியதாக நினைக்கும் வடிவம் இது:

> "கோச் சார் போனஸ் எடுத்துட்டு வந்துடு, டச்சுக்குப் போகாதேன்னுதான் சொன்னார். டூ ஆர் டைக்கு போனஸ் எடுத்தாலே போதும். நான் ஆறு பேர் நிற்கிறார்கள் என்று நினைத்துப் போய்விட்டேன். ஐந்து பேர்தான் இருந்தார்கள். ஐந்து பேர் என்றால் போனஸ் கிடையாது, அதை நான் பார்த்திருக்க வேண்டும். சரி என்று ரைட் கார்னரை டச் பண்ணப் போனேன், காலைப் பிடித்துவிட்டார். மூன்று மேட்ச்சாகவே முட்டி கொஞ்சம் சப்போர்ட் பண்ணவில்லை. அதற்காக என்று சொல்ல மாட்டேன், ஆனால் கொஞ்சம் இருந்தது. அந்த மேட்ச்சை நாங்க விட்டுட்டோம். கோச் மேல் தப்பு இல்லை, பிளான் சரியாகத்தான் இருந்தது."

எடுத்தது என்ன? "அது வந்து", இரண்டு மூன்று "ல்ல", விளிச்சொல், தயக்கத்தின் புள்ளிகள். மாற்றியது வினைமுற்றுகளின் வடிவம். சேர்த்தது எதுவும் இல்லை. அந்த ஆட்டத்தின் வீடியோவில் அது கணுக்காலைப் பிடித்த பிடி என்று தெரிந்தாலும், அவர் "கால்" என்றார் என்றால் பதிலில் கால்தான். கணுக்கால் என்பது முன்னுரையில் உங்கள் குரலில் வரலாம்.

தொழில்நுட்பச் சொற்களுக்குத் தமிழாக்கம் தேடாதீர்கள். "பிரஷர்" என்று அவர் சொன்னதை "மன உளைச்சல்" என்று மாற்றினால் அது வேறு விஷயம், ஏறக்குறைய ஒரு மருத்துவச் செய்தி. ரெய்டு, டச், கார்னர், சப்போர்ட் எல்லாம் வாசகர்களுக்குத் தெரிந்த சொற்கள்தான்.

வட்டார வழக்கை எவ்வளவு வைப்பது என்பதில் எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு. கிராமத்துக் கபடி வீரரின் பேச்சை "போயிட்டேன்ணே" என்று அச்சிட்டுவிட்டு, சென்னை கிரிக்கெட் வீரரின் பேச்சைச் சுத்த எழுத்து நடையில் போடுவது நியாயமில்லை. இருவருமே பேச்சில் "போயிட்டேன்" என்றுதான் சொல்லியிருப்பார்கள். ஒரே இதழில் எல்லோருக்கும் ஒரே அளவுகோல் இருக்க வேண்டும். நான் வைத்திருக்கும் அளவு: வினைகள் எளிய எழுத்து நடையில், மற்றவர் சொன்னதைத் திருப்பிச் சொல்லும் இடமும் சொல் மாறினால் பொருள் மாறும் இடமும் பேச்சு நடையில்.

இன்னொன்று, விளையாட்டு வீரர்கள் தங்களைப் பற்றிப் பேசும்போது "நீ" என்பார்கள். "ஃபர்ஸ்ட் ரெய்டுலயே அவுட் ஆயிட்டா, நீ வெளிய உக்காந்து யோசிச்சிட்டே இருப்ப." இதைத் தானாகவே "நான் யோசித்துக்கொண்டே இருந்தேன்" என்று மாற்றக் கூடாது. அவர் தன்னைச் சொல்கிறாரா, எல்லா ரெய்டர்களையும் சொல்கிறாரா என்பது பதிவில் முன்னும் பின்னும் கேட்டால்தான் தெரியும். தெரியாவிட்டால் "நீ" அப்படியே இருக்கட்டும்.

அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1991-ல் இதே கேள்வியைப் பார்த்தது. ஜெஃப்ரி மேசன் என்ற உளப்பகுப்பாய்வாளர், தான் சொல்லாததை மேற்கோளாகப் போட்டதாக நியூயார்க்கர் இதழ் மீது தொடுத்த வழக்கு அது. சொல்லை மாற்றியது என்பதை மட்டும் வைத்து முடிவு செய்ய முடியாது, அந்த மாற்றம் பொருளைக் கணிசமாக மாற்றியதா என்பதுதான் அளவுகோல் என்றது நீதிமன்றம். இலக்கணத்தைத் திருத்துவது குற்றமில்லை. "அதுக்காகன்னு சொல்ல மாட்டேன்" என்பதை எடுப்பது இலக்கணத் திருத்தம் ஆகாது.

5. வரிசையை மாற்றுவது

பேச்சு ஒரே கோட்டில் போவதில்லை. சின்ன வயதுக் கதை 5-வது நிமிடத்திலும் 31-வது நிமிடத்திலும் வரும். அவற்றை ஒரே இடத்தில் சேர்க்கலாம், தாராளமாக. ஆனால் சேர்க்கும்போது நடுவில் ஒரு கேள்வி போட்டுவிடுங்கள். இரண்டு வெவ்வேறு நேரத்துப் பேச்சை ஒரே பத்தியில் ஒட்டினால், ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் போல ஒலிக்கும்.

நகர்த்தக் கூடாதது, பேட்டிக்குள்ளேயே அவர் நிலை மாறிய இடம். நம் ரெய்டர் 9-வது நிமிடத்தில் "அடுத்த சீசனும் இதே டீம்லதான்" என்கிறார். 38-வது நிமிடத்தில், பேச்சு வேறு எங்கோ போய்த் திரும்பும்போது, "ஏலத்துல என்ன ஆகும்னு யாருக்குத் தெரியும்" என்கிறார். புரோ கபடியில் ஒரு வீரரைத் தக்கவைப்பதா, ஏலத்துக்கு விடுவதா என்று முடிவு செய்வது அணிதான். எனவே இரண்டும் முரண் இல்லை. முதலாவது அவர் ஆசை, இரண்டாவது நடைமுறை. இரண்டையும் வையுங்கள், அல்லது இரண்டையும் விடுங்கள். ஒன்றை மட்டும் வைத்தால், அணிக்குக் கொடுத்த வாக்குறுதியாகவோ அணி மாறுவதற்கான சைகையாகவோ அது படிக்கப்படும்.

6. உங்கள் கேள்விகள்

மேலே உள்ள கேள்வியைத் திரும்பப் பாருங்கள். கோச்சின் திட்டம் தப்பா, உங்கள் முடிவா என்று பேட்டி எடுத்தவர்தான் கோச்சை உள்ளே இழுத்தார். அச்சில் அந்தக் கேள்வியை "கடைசி இரண்டு நிமிடத்தில் என்ன நடந்தது?" என்று மென்மையாக மாற்றினால், வீரர் யாரும் கேட்காமலேயே "கோச் மேல் தப்பு இல்லை" என்று சொல்வதாக ஆகிவிடும். கேட்காமல் வரும் மறுப்பு சந்தேகத்தைத்தான் கிளப்பும். ஆகவே கூர்மையான கேள்வி கூர்மையாகவே அச்சில் வர வேண்டும். வாசகர் முன் நல்லவராகத் தெரிய வேண்டும் என்று கேள்வியைத் திருத்துவது பதிலைத் திருத்துவதற்குச் சமம்.

கேள்வியில் எடுக்கலாம் என்பவை: உங்கள் தயக்கம், நீங்கள் சொன்ன நீண்ட முன்கதை, ஒரே கேள்வியை இரண்டு விதமாகக் கேட்டது. பதில் வந்த பிறகு அதற்குத் தோதாக ஒரு கேள்வியை எழுதிச் சேர்க்கலாமா? தலைப்பு மாறுவதைக் காட்ட "உங்கள் ஊர் பற்றி?" என்பது போல எதையும் திணிக்காத சிறு கேள்வி என்றால் சரி. கருத்து அடங்கிய கேள்வியை நீங்கள் கேட்டிருந்தால்தான் போடலாம்.

சிரிப்பையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். நடுவர் முடிவைப் பற்றிக் கேட்டதும், "ஆமா, அவரு எங்க ஊர்க்காரரு பாருங்க" என்று ரெய்டர் சிரித்துக்கொண்டே சொன்னால், அச்சில் (சிரிக்கிறார்) என்று இருக்க வேண்டும். அது இல்லாமல் போட்டால் நடுவர் மீதான குற்றச்சாட்டாகிவிடும், ஒழுங்கு நடவடிக்கை வரை போகலாம். சிரிப்பைப் போட்டும் குழப்பம் வரும் என்று தோன்றினால் அந்தப் பதிலையே விட்டுவிடுங்கள், பேட்டிக்கு நஷ்டம் ஒன்றும் இல்லை.

7. திரும்பக் கேட்க வேண்டியவை

ஸ்கோர், வருடம், எதிரணி, எத்தனையாவது நிமிடம் என்பதையெல்லாம் ஸ்கோர்கார்டோடு ஒத்துப்பாருங்கள். வீரர்கள் உணர்வை மறக்க மாட்டார்கள், எண்ணை மறப்பார்கள். "ஏழு புள்ளி பின்னால இருந்தோம்" என்று அவர் சொல்ல, உண்மையில் ஐந்துதான் என்றால், அவர் வாயில் ஐந்தைப் போடாதீர்கள். போன் பண்ணிக் கேளுங்கள். "ஓ, ஆமா, அஞ்சுதான்" என்பார். அப்புறம் மாற்றலாம்.

உடல்நலம் பற்றிய பேச்சில் இன்னும் கவனம் வேண்டும். "முட்டிக்கு ஊசி போட்டுட்டுத்தான் ஆடினேன்" என்று ஒருவர் சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போய்விடுவார். என்ன ஊசி? மரத்துப்போகச் செய்யும் ஊசி தடைப்பட்டியலில் இல்லை. ஸ்டீராய்டு வகையான குளுக்கோகார்டிகாய்டு என்றால், 2022 ஜனவரி முதல் உலக ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பின் பட்டியலில், போட்டி நேரத்தில் எந்த வகையில் ஊசியாகப் போட்டாலும் அது தடை, மருத்துவ விலக்கு வாங்கியிருந்தால் தவிர. நீங்கள் பாட்டுக்கு "வலி நிவாரண ஊசி" என்று எழுதிவிட்டால் ஒரு பதிலை ஊகித்துவிட்டீர்கள். வெறும் "ஊசி" என்று விட்டால் வாசகர் ஊகிப்பார். அவரிடமோ அணி டாக்டரிடமோ கேட்டுத் தெளிவாக்கிய பிறகே அந்த வரி போக வேண்டும்.

வீரர் இந்தியில் பேசி அணித்தோழர் மொழிபெயர்த்துச் சொன்ன பேட்டி என்றால், இந்திப் பதிவையே இன்னொருவரிடம் கொடுத்துக் கேட்கச் சொல்லுங்கள். தமிழ் தலைவாஸ் போன்ற அணிகளில் ஹரியானா வீரர்கள் நிறைய இருப்பதால் இது அடிக்கடி நடக்கும். அணித்தோழர் நல்லெண்ணத்தில் தோழருக்கு ஆபத்தில்லாத பதிலாக மாற்றிச் சொல்லிவிடுவார்.

8. படித்துக்காட்டுவது

வரைவு முடிந்ததும், ஒலிப்பதிவை ஓடவிட்டுக்கொண்டே வரைவைக் கண்ணால் தொடருங்கள். ஒவ்வொரு பதிலிலும் ஒரே கேள்வி கேளுங்கள்: இதைப் படித்தவரும் இதைக் கேட்டவரும், அவர் யாரைக் குறை சொன்னார், எதில் உறுதியாக இருந்தார், எதில் இல்லை என்பதற்கு ஒரே பதில் சொல்வார்களா? சொல்ல மாட்டார்கள் என்றால் அந்தப் பதிலில் ஒரு நங்கூரம் போயிருக்கிறது. தேடினால் கிடைக்கும்.

பிறகு, சிக்கலான பதில்களை மட்டும் வீரருக்குப் போனில் படித்துக்காட்டுங்கள். முழு வரைவையும் அனுப்புவதா வேண்டாமா என்பது உங்கள் இதழின் வழக்கம். எதை மாற்றலாம் என்பதை மட்டும் முன்னாலேயே பேசி வைத்துக்கொள்ளுங்கள். தகவல் பிழை, பொருள் தவறாகப் புரிந்த இடம் என்றால் திருத்தலாம். "இதைச் சொன்னேன்தான், ஆனா வேண்டாம்" என்பதை ஆசிரியரோடு பேசி முடிவெடுங்கள். அணியின் மீடியா மேனேஜர் பதிலையே புதிதாக எழுதி அனுப்பினால், அது வீரரின் பேச்சு இல்லை. அதை அவர் பெயரில் போடாதீர்கள்.

9. தலைப்பும் முகப்பு வரியும்

கடைசியாக எழுதுவது தலைப்பு. உள்ளே காப்பாற்றிய அத்தனையும் இங்கே ஒரு வரியில் போய்விடலாம். நம் பேட்டிக்கு "முட்டி வலியோடு ஆடினேன்" என்று தலைப்பு வைத்தால் நிறையப் பேர் படிப்பார்கள். ஆனால் அவர் மறுத்த காரணத்தையே தலைப்பாக்கியதாக ஆகும். "அதை நான் பார்த்திருக்க வேண்டும்" என்பது அவர் வாயில் வந்த சொல், அந்தப் பதிலின் மையமும் அதுதான். மேற்கோள் குறிக்குள் போடும் தலைப்பு, உள்ளே உள்ள பதிலில் எழுத்துக்கு எழுத்து இருக்க வேண்டும். சமூக ஊடகத்துக்குப் படம் செய்பவரிடமும் இதைச் சொல்லிவிடுங்கள், அவர்கள் வரியைச் சுருக்குவதில் வேகமானவர்கள்.

பேட்டியின் அடியில் ஒரு வரி: "இந்த உரையாடல் நீளத்துக்காகவும் தெளிவுக்காகவும் சுருக்கப்பட்டு, வரிசை மாற்றப்பட்டது." வரிசையை மாற்றவில்லை என்றால் அந்தச் சொல்லை எடுத்துவிடுங்கள். மொழிபெயர்ப்பு என்றால் எந்த மொழியிலிருந்து என்று சொல்லுங்கள். வெளியான பின் வரைவின் ஓரத்தில் ஒவ்வொரு பதிலுக்கும் நேரத்தைக் குறித்து, அதோடு ஒலிப்பதிவையும் முழு எழுத்து வடிவத்தையும் ஒரே உறையில் போட்டு வையுங்கள். அணியிலிருந்து யாராவது கேட்டு வந்தால், 22-வது நிமிடத்தை ஓடவிட்டுக் காட்ட உங்களுக்கு ஐந்து நிமிடம் போதும்.